பதினைந்தாயிரத்தில் நின்றுபோன பென்ஷன்

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பெரிய தொழிற்சாலையில் நிரந்தர வேலையில் இருக்கும் ஒரு மூத்த தொழிலாளியின் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் மூன்று பத்தி தெரியும். முதல் பத்தி அவர் பங்கு, இரண்டாவது கம்பெனியின் பங்கு, மூன்றாவது பென்ஷன் பங்கு. பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து மாதம் 56,000 ரூபாய் என்றால் முதல் பத்தியில் 12 சதவீதமாக 6,720 ரூபாய் இருக்கும். கம்பெனியும் அதே 6,720-ஐக் கட்டுகிறது. ஆனால் அதில் 5,470 ரூபாய் இரண்டாவது பத்திக்குப் போய்விட, மூன்றாவது பத்தியில் விழுவது 1,250 மட்டும். பக்கத்து கான்ட்ராக்ட் கம்பெனியில் பேசிக் 15,000 வாங்கும் இளைஞர் பென்ஷன் திட்டத்தில் இருந்தால் அவருடைய மூன்றாவது பத்தியிலும் அதே 1,250தான்.

இரண்டு பேருக்கும் நடுவே சம்பளத்தில் 41,000 ரூபாய் வித்தியாசம். பென்ஷன் கணக்கில் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. ஓய்வுபெறும் ஆண்டில்தான் பலர் இந்தப் பத்தியை உற்றுப் பார்க்கிறார்கள். முப்பது வருஷம் டயர் அச்சிலும் அசெம்பிளி லைனிலும் நின்றவர் கையில் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கான பென்ஷன் உத்தரவு வரும்போது, எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். கணக்கு சரியாகத்தான் போடப்பட்டிருக்கும். 15,000 என்ற உச்சவரம்பு செய்த வேலை அது.

1995 நவம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்தது தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். கம்பெனி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் இந்தத் திட்டத்துக்குப் போகிறது. மத்திய அரசு தன் பங்காக 1.16 சதவீதம் தருகிறது. இரண்டுமே முழுச் சம்பளத்துக்கு அல்ல, உச்சவரம்பு வரைக்கும் உள்ள சம்பளத்துக்கு மட்டும். 15,000-க்கு 8.33 சதவீதம் என்பதுதான் அந்த 1,250. பென்ஷன் கணக்கும் எளிது. கடைசிக் காலச் சம்பளத்தின் சராசரியைப் பணிபுரிந்த ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். ஒரு வருஷ வேலைக்குச் சம்பளத்தில் எழுபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தப் பெருக்கலில் நுழையும் சம்பளம் 15,000-ஐத் தாண்டாது. வெறும் 15,000-ஐ வைத்து 35 ஆண்டுக்குப் போட்டாலும் 7,500 ரூபாய்க்கு மேல் வராது.

அதிகச் சம்பளக்காரரின் பணத்தை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பென்ஷனுக்குப் போகாத தொகை அவருடைய பி.எஃப். கணக்கிலேயே வட்டியோடு சேர்கிறது. ஓய்வின்போது மொத்தமாகக் கைக்கு வருகிறது. அவர் இழப்பது சாகும்வரை மாதாமாதம் வரக்கூடிய, தனக்குப் பின் மனைவிக்கும் பாதியாகத் தொடரக்கூடிய ஒரு வருமானத்தை. அதற்குப் பதிலாகக் கிடைக்கும் மொத்தத் தொகை மகளின் கல்யாணத்துக்கும் வீட்டின் மேல்மாடிக்கும் போய்விடுவதை வடசென்னையில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. குடும்பத்தில் அந்த நேரத்தில் அந்தச் செலவு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எழுபது வயதில் மருந்துச் சீட்டோடு நிற்கும்போது மிஞ்சுவது அந்த 15,000-ஐ வைத்துப் போட்ட பென்ஷன்தான்.

உச்சவரம்பு புதிதாக முளைத்ததல்ல. 1952-இல் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தபோதே மாதம் 300 ரூபாய் என்று வரம்பு இருந்தது. 1962-இல் 1,000, 1985-இல் 2,500, 1994-இல் 5,000, 2001-இல் 6,500 என்று ஏறி, 2014 செப்டம்பர் 1-ஆம் தேதி 15,000 ஆனது. நகர்வது எப்போதும் அரசு அறிவிக்கையால்தான். விலைவாசியோடோ சராசரிக் கூலியோடோ அது கட்டப்படவில்லை. அமெரிக்காவின் சோஷியல் செக்யூரிட்டியிலும் உச்சவரம்பு உண்டு. ஆனால் தேசச் சராசரி ஊதியம் ஏற ஏற அதுவும் தானாக ஏறும். 2025-இல் அங்கே ஆண்டுக்கு 1,76,100 டாலர் வரைக்கும் பங்களிப்பு பிடித்தார்கள். இலங்கையின் ஊழியர் சேமலாப நிதியில் உச்சவரம்பே கிடையாது. முழு உழைப்பூதியத்துக்கும் தொழிலாளி 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும் கட்டுகிறார்கள். ஆனால் அங்கே கிடைப்பது மொத்தத் தொகை, மாதாந்திர பென்ஷன் இல்லை. பென்ஷனும் உண்டு, அதை அளக்கும் சம்பளமோ பல ஆண்டுகளாக அசையாது என்ற இரண்டும் சேர்ந்திருப்பதுதான் நம் திட்டத்தின் சிக்கல்.

இந்த வரம்பைத் தாண்டிப் போக ஒரு கதவு இருந்தது. 1996 மார்ச்சில் திட்டத்தின் 11(3) பத்தியில் ஒரு விதி சேர்க்கப்பட்டது. கம்பெனியும் தொழிலாளியும் சேர்ந்து விருப்பம் தெரிவித்தால் முழுச் சம்பளத்துக்கும் 8.33 சதவீதம் கட்டலாம், முழுச் சம்பளத்தின் பேரில் பென்ஷன் வாங்கலாம். அன்று அது பெரும்பாலோர் காதுக்கு எட்டவே இல்லை. பி.எஃப். சேர்ந்தால் போதும், பென்ஷன் எதற்கு என்ற மனநிலை ஒருபக்கம், பர்சனல் டிபார்ட்மெண்ட் அறிவிப்புப் பலகையில்கூட ஒட்டாதது இன்னொரு பக்கம். பிறகு கேட்டுப் போனவர்களிடம் கெடு தேதி முடிந்துவிட்டது என்று வைப்பு நிதி நிறுவனம் கைவிரித்தது. இமாச்சலப் பிரதேச சுற்றுலா வளர்ச்சிக் கழக ஊழியர்கள் இதை எதிர்த்துப் போன வழக்கில், 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு கெடு தேதி அந்த விதியில் இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆர்.சி. குப்தா வழக்கு என்று யூனியன்காரர்கள் வாயில் புழங்குவது அதுதான்.

ஆனால் அதற்கு முன்பே, 2014 திருத்தம் அந்தக் கதவை மூடிவிட்டிருந்தது. வரம்பை 15,000 ஆக்கிய அதே அறிவிக்கை, முழுச் சம்பளத்துக்குக் கட்டும் விதியை நீக்கியது. சராசரி எடுக்கும் காலத்தைக் கடைசி 12 மாதத்திலிருந்து 60 மாதமாக நீட்டியது. அன்று முதல் 15,000-க்கு மேல் சம்பளத்தில் புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கு பென்ஷன் திட்டமே இல்லை என்றது. கேரள உயர் நீதிமன்றம் 2018-இல் இந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 4-ஆம் தேதி சுனில்குமார் வழக்கில் திருத்தம் செல்லும் என்றது. ஆனால் 2014 செப்டம்பர் 1-இல் பணியில் இருந்து விருப்பம் தெரிவிக்கத் தவறியவர்களுக்கு இன்னொரு முறை வாய்ப்பு தரச் சொன்னது. அதற்கு முன்பே விருப்பம் தெரிவிக்காமல் ஓய்வுபெற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கெடு தள்ளித் தள்ளிப் போய் 2023 ஜூலை 11-இல் முடிந்தபோது நாடு முழுதும் ஏறக்குறைய 17.5 லட்சம் விண்ணப்பங்கள் சேர்ந்திருந்தன.

விண்ணப்பித்தவருக்கு உண்மையில் என்ன லாபம்? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1996 செப்டம்பர் 1-இல் மாதம் 6,000 ரூபாய் பேசிக், டி.ஏ.வோடு திருவொற்றியூர் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக ஆண்டுக்கு 8 சதவீத உயர்வு. கடைசி ஆண்டில் சம்பளம் 56,000-ஐத் தொடுகிறது. 2026 ஆகஸ்டில் 58 வயது நிறைந்து வெளியே வருகிறார். சேவை 30 ஆண்டு. 20 ஆண்டுக்கு மேல் இருப்பதால் 2 ஆண்டு போனஸாகச் சேரும்.

அவர் எதற்கும் விண்ணப்பிக்காமல் இருந்திருந்தால், 2014 ஆகஸ்ட் வரையிலான 18 ஆண்டுக்குப் பழைய வரம்பான 6,500-ஐ வைத்து 1,671 ரூபாய். அதற்குப் பிந்தைய 12 ஆண்டுக்கு 15,000-ஐ வைத்து 2,571 ரூபாய். போனஸையும் சேர்த்தால் மாதம் 4,500 ரூபாய் வாக்கில் நிற்கும். வரம்பு 2014-இல் ஏறியபோது பழைய ஆண்டுகளுக்கு அந்த ஏற்றம் போய்ச் சேரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த 18 ஆண்டு சேவையும் 6,500-இலேயே உறைந்து கிடக்கிறது.

முழுச் சம்பளத்துக்கு விருப்பம் தெரிவித்து அது ஏற்கப்பட்டால், முதலில் அவர் பணம் திருப்பிக் கட்ட வேண்டும். இத்தனை ஆண்டும் வரம்புக்கு மேல் உள்ள சம்பளத்தின் 8.33 சதவீதம் அவருடைய பி.எஃப். கணக்கில்தானே சேர்ந்தது? அது வட்டியோடு பென்ஷன் நிதிக்கு மாற வேண்டும். 2014-க்குப் பிறகான காலத்துக்கு, வரம்புக்கு மேற்பட்ட சம்பளத்தில் இன்னொரு 1.16 சதவீதமும் கம்பெனி பங்கிலிருந்தே போகும். தொழிலாளி தன் சம்பளத்திலிருந்து அதைத் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அரசு 2023 மே மாதம் இப்படி மாற்றியது. நம் கணக்கில், 8.5 சதவீத வட்டி என்று வைத்தால், மொத்தம் ஏறக்குறைய பத்து லட்சம் ரூபாய். அவருடைய பி.எஃப். தொகையில் அந்த அளவு குறையும்.

அதற்கு ஈடாக என்ன பென்ஷன்? இங்கேதான் கணக்கு இரண்டாகப் பிரிகிறது. கடைசி 60 மாதச் சராசரி 48,000 ரூபாய். 32 ஆண்டுக்கும் அதையே வைத்து ஒரே பெருக்கலாகப் போட்டால் மாதம் 21,900 ரூபாய் வரும். தொழிற்சங்கங்கள் கேட்பது இதை. வைப்பு நிதி நிறுவனமோ முழுச் சம்பளத்துக்குக் கட்டியவர்களுக்கும் 2014 செப்டம்பருக்கு முந்தைய சேவையைத் தனியாகப் பிரித்தே கணக்கிட வேண்டும் என்ற நிலையில் இருக்கிறது. அந்த 18 ஆண்டுக்கு அந்தக் காலத்துச் சம்பளமான 19,000 சொச்சத்தைச் சராசரியாக எடுத்தால் பென்ஷன் 14,500 வாக்கில் இறங்கிவிடுகிறது. ஒரே ஆள், ஒரே சேவை, ஒரே பத்து லட்சம். பிரித்துப் போடுவதால் மட்டும் மாதம் ஏழாயிரத்துக்கு மேல் போய்விடுகிறது.

அந்த ஏழாயிரம்தான் விண்ணப்பம் லாபமா நஷ்டமா என்பதையே தீர்மானிக்கிறது. பத்து லட்சத்தைத் திருப்பிக் கட்டாமல் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருந்தால், அண்மைக் காலமாகத் தரப்படும் 8.2 சதவீதத்தில் மாதத்துக்கு 6,800 ரூபாய் வரும், முதலும் கையில் இருக்கும். ஒரே பெருக்கல் கணக்கில் பென்ஷன் 17,400 ரூபாய் கூடுகிறது. தபால் நிலைய வட்டியைவிட மாதம் பத்தாயிரத்துக்கு மேல் அதிகம். எட்டு ஆண்டில், அதாவது 66 வயதில், விட்டுக்கொடுத்த பத்து லட்சம் திரும்பிவிடும். அதற்குப் பிறகு வாழும் ஒவ்வொரு மாதமும் லாபம். பிரித்துப் போட்டாலோ பென்ஷன் கூடுவது 10,000 மட்டும். வட்டியைவிட மூவாயிரத்துச் சொச்சம்தான் அதிகம். பத்து லட்சம் திரும்ப 26 ஆண்டு ஆகும். அவருக்கு அப்போது 84 வயது.

மனைவியின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். கணவர் போன பிறகு அவருக்குப் பாதி பென்ஷன். பிரித்த கணக்கில் அது 7,250 ரூபாய். விண்ணப்பிக்காமல் இருந்திருந்தால் 2,250 ரூபாய் பென்ஷனோடு பத்து லட்ச ரூபாய் டெபாசிட்டும் அவர் பெயரில் இருந்திருக்கும். அந்த டெபாசிட்டைப் பிள்ளைகள் தொடாமல் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. மாதப் பென்ஷனைக் காட்டி யாரும் மொத்தமாகக் கேட்க முடியாது. அதனால் பிரித்த கணக்கிலும் உயர் பென்ஷனைத் தேர்ந்தவர்களை நான் ஏமாந்தவர்களாகப் பார்க்கவில்லை. ஆனால் கணக்கு எப்படிப் போடப்படும் என்று தெரியாமலே பத்து லட்சத்தை ஒப்படைக்கும்படி ஒரு தொழிலாளியைக் கேட்டது நியாயமில்லை. கையெழுத்துப் போடும் முன் இரண்டு தொகையையும் காகிதத்தில் எழுதிக் காட்டியிருக்க வேண்டும்.

விண்ணப்பித்த எல்லாருக்கும் ஏற்பும் கிடைக்கவில்லை. வரம்புக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு பி.எஃப். கட்டியதற்கான ஆதாரத்தை, 1995 வரை பின்னோக்கி, கம்பெனிதான் தர வேண்டும். வடசென்னையில் மூடிய ஆலைகளும் கைமாறிய ஆலைகளும் ஒன்றிரண்டல்ல. பழைய சம்பளப் பட்டியல் எந்தக் குடோனில் இருக்கிறது என்று தேடுவதிலேயே பலருடைய விண்ணப்பம் நின்றது. சொந்தமாக பி.எஃப். டிரஸ்ட் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களில் இன்னொரு தடை வந்தது. டிரஸ்ட் விதியிலேயே சம்பள வரம்பு எழுதியிருந்தது என்று காரணம் காட்டி விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன. முழுச் சம்பளத்துக்கு மாதாமாதம் பிடித்தம் நடந்ததற்கு பாஸ்புக்கே சாட்சியாக இருக்கும்போது, தொழிலாளி ஒருநாளும் பார்த்திராத டிரஸ்ட் விதியை அவருக்கு எதிராகத் திருப்புவது ஏற்கும்படியாக இல்லை.

அரசின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைத்துவிட்டுப் பேச முடியாது. பென்ஷன் கடைசிக் காலச் சம்பளத்தை வைத்துப் போடப்படுகிறது, பங்களிப்போ ஒவ்வொரு ஆண்டும் அன்றைய குறைந்த சம்பளத்துக்கு. சம்பளம் வேகமாக ஏறியவர் கொஞ்சமாகக் கட்டி நிறையப் பெறுவார். நிதி பொதுவானது. அந்த வித்தியாசத்தை 1,250-க்கும் கீழே கட்டும் சின்ன சம்பளக்காரர்களின் பணமும்தான் ஈடுகட்ட வேண்டும். 60 மாதச் சராசரியை உச்ச நீதிமன்றம் ஏற்றதற்கு இந்த வாதம் துணை நின்றது. உச்சவரம்பு இருப்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. பல ஆண்டு அது அசையாமல் நிற்பதைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை. எண்ணூரிலும் மணலியிலும் பத்தாண்டு சேவை முடித்த சாதாரண நிரந்தரத் தொழிலாளியே இன்று வரம்புக்கு மேல் இருக்கிறார். உயர் சம்பளக்காரரைத் தடுக்க வைத்த வேலி இப்போது பெரும்பாலோரையும் வெளியே நிறுத்துகிறது.

2014-க்குப் பின் சேர்ந்த தலைமுறைக்கு நிலைமை வேறு. முதல் வேலையிலேயே பேசிக் 15,000-க்கு மேல் என்றால் அவருக்கு பென்ஷன் திட்டம் கிடையாது. கம்பெனியின் 12 சதவீதமும் பி.எஃப்.-க்கே போக வேண்டும். ஆனால் பல இடங்களில் சம்பளப் பிரிவில் இருப்பவர்கள் பழக்கத்தில் 1,250-ஐ பென்ஷன் பத்தியில் போட்டுவிடுகிறார்கள். பத்து ஆண்டு முடித்து பென்ஷன் வரும் என்று இருப்பவருக்கு, விண்ணப்பிக்கும்போது நீங்கள் உறுப்பினரே இல்லை என்று பதில் வரும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். 2014 செப்டம்பருக்கு முன் எங்கும் பென்ஷன் உறுப்பினராக இல்லாதவர், 15,000-க்கு மேல் பேசிக்கில் சேர்ந்தவர், பாஸ்புக்கில் மூன்றாவது பத்தி பூஜ்யமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். தொகை இருந்தால், கம்பெனி மூலம் அதை இப்போதே பி.எஃப்.-க்கு மாற்றித் திருத்திக்கொள்ள வேண்டும். மாறாக, முன்பே உறுப்பினராக இருந்து வேலை மாறியவருக்கு அந்தப் பத்தி பூஜ்யமாக இருந்தால் அதுதான் தப்பு. ஒவ்வொரு மாதமும் சேவை விடுபட்டுக்கொண்டே போகும்.

ஈ.எஸ்.ஐ.யிலும் உச்சவரம்பு இப்படி வாசலாகத்தான் நிற்கிறது. 2017 ஜனவரி முதல் வரம்பு 21,000. அதைத் தாண்டும் இன்கிரிமெண்ட் வந்தால், ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்ற பங்களிப்புக் காலம் முடியும்வரைதான் பிடித்தம். அதற்குப் பிந்தைய பலன் காலமும் முடிந்ததும் அயனாவரம் ஆஸ்பத்திரியின் கதவு அந்தக் குடும்பத்துக்கு மூடிவிடும். ஆயிரம் ரூபாய் உயர்வுக்காக அம்மாவின் டயாலிசிஸை வெளியே பார்க்க வேண்டிவரும் என்று சம்பள உயர்வையே பயத்தோடு பார்க்கும் வீடுகள் இந்தப் பகுதியில் உண்டு.

பென்ஷன் வரம்பை 21,000 ஆக்கலாம், 25,000 ஆக்கலாம் என்ற பேச்சு நெடுநாளாக அடிபடுகிறது. 25,000 ஆனால் என்ன நடக்கும் என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது பத்தி 1,250-இலிருந்து 2,082 ரூபாய்க்கு ஏறும். அந்த 832 ரூபாய் எங்கிருந்தோ வராது. வரம்புக்கு மேல் வாங்குபவரின் இரண்டாவது பத்தியிலிருந்து, அவருடைய பி.எஃப்.-இலிருந்தே வரும். அவர் கையில் வாங்கும் சம்பளம் குறையாது, ஓய்வுக் காலத் தொகை அந்த அளவு குறைந்து பென்ஷனாக மாறும். 15,000-க்கும் 25,000-க்கும் நடுவே புதிதாகச் சேர்பவர்களுக்கு பென்ஷன் திட்டத்தின் வாசல் மறுபடி திறக்கும்.

ஆனால் 2014-இல் செய்ததுபோலப் பழைய சேவையைப் பழைய வரம்பிலேயே விட்டுவிட்டால், இன்று 53 வயதில் இருப்பவருக்கு ஏற்றம் பொருந்துவது மீதமிருக்கும் 5 ஆண்டுக்கு மட்டும். 10,000-ஐ 5-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் அவர் பென்ஷனில் கூடுவது மாதம் 714 ரூபாய்.